கலர்க் கோலப்பொடி: விரல் எரிச்சலும் நாயின் பாதமும்

"கலர்ப் பொடி தொட்டாலே விரல் நுனி எரியுது, நாயும் பாதத்தை நக்கிக்கிட்டே இருக்கு. அரிசி மாவுக்கு மாறினா மழையில நிக்குமா?"

உலர்மாவு நிற்காதுங்க. ஈரமாவில் போடும் மாக்கோலம் காய்ந்துவிட்டால் சின்னத் தூறலைத் தாங்கும். அடைமழைக்கு அதுவும் கரையும்.

எரிச்சலுக்குப் பெரும்பாலும் சாயம்தான் காரணம். மணலிலோ உப்பிலோ சாயத்தைப் புரட்டி விற்கிறார்கள். விரலில் வியர்வை பட்டதும் அது கரைந்து தோலில் இறங்குகிறது. நாயின் ஈரப் பாதத்திலும் அதேதான், அதை அது நக்கி விழுங்கவும் செய்கிறது.

ஒரு சிட்டிகையை ஈரப் பஞ்சில் வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். பஞ்சில் நிறம் ஊறினால் அந்தப் பொடி வாசலுக்கு வேண்டாம்.

வெள்ளைக் கல்பொடியில் சாயம் இல்லை, ஆனால் சொரசொரப்பு தோலை வறட்டி வெடிக்க வைக்கும். கொட்டும்போது புழுதியை மூச்சில் இழுக்காதீர்கள்.

மாக்கோலத்துக்கு ஒரு கைப்பிடி பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைஸாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சின்னத் துணியை நனைத்து, நடுவிரல் வழியே இழை இழையாக விடுங்கள். போடும்போது மங்கலாகத்தான் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். பயந்து மேலே மேலே பூசினால் காய்ந்ததும் செதிலாக உரியும். எறும்பு வரும், நாய் கொஞ்சம் நக்கினால் கெடுதல் இல்லை. நிறம் வேண்டுமென்றால் ஓரத்தில் காவி போதும்.

கலர்ப் பொடியை நிறுத்தி ஒரு வாரமாகியும் எரிச்சல் அடங்காவிட்டாலோ, கொப்புளம் வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நாய் வாந்தி எடுத்தால் கால்நடை மருத்துவரிடம் போகும்போது அந்தப் பொடிப் பாக்கெட்டையும் கையோடு கொண்டு போங்கள்.