போர்டு பொறுப்பைத் தற்புகழ்ச்சி இல்லாமல் எழுதுவது எப்படி?

கேள்வி: கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் செயல்பாட்டுத் தலைவராக இருக்கிறேன். 2022 முதல் ஒரு நூற்பாலையில் சுயேச்சை இயக்குநர். இன்னொரு போர்டுக்காக ஒரு பக்க புரொஃபைல் கேட்கிறார்கள். எழுதியதை அனுப்பியிருக்கிறேன். பெருமையடிப்பது போல இருக்கிறது. குறைத்தால் ஒன்றுமே மிஞ்சவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், திருநகர்

பதில்: உங்கள் வரைவில் 'தொலைநோக்குள்ள தலைவர்' என்பதை அடித்துவிட்டால் போதும், நஷ்டமில்லை. சிக்கல் அடுத்த வரியில்: 'நூற்பாலையை லாபத்துக்குத் திருப்பியவர்.' சுயேச்சை இயக்குநர் ஆலையை நடத்துவதில்லை. நடத்துபவர் நிர்வாக இயக்குநர். நீங்கள் கண்காணிக்கிறீர்கள், கேள்வி கேட்கிறீர்கள். உங்களைத் தேர்வு செய்யப்போகும் நியமனக் குழுவினருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அடுத்தவர் வேலையை உங்கள் கணக்கில் எழுதியிருப்பதாகத்தான் படிப்பார்கள்.

அதை இப்படி மாற்றுங்கள்: '2022 முதல் நூற்பாலை ஒன்றின் சுயேச்சை இயக்குநர், தணிக்கைக் குழுத் தலைவர்.' எந்தக் கமிட்டி, தலைவரா உறுப்பினரா என்பதே உங்கள் எடையைச் சொல்லிவிடும். கமிட்டியின் பணியைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் ஆண்டறிக்கையில் ஏற்கெனவே வெளியானதை மட்டும். கூட்டத்தில் பேசியதை வெளியே எழுதுபவரை எந்த போர்டும் சேர்த்துக்கொள்ளாது. தேதிகளை கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். அங்கே ஒரு தேதி, உங்கள் தாளில் வேறு தேதி என்றால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள்.

உத்தி விஷயத்தில் பட்டியல் வேண்டாம், ஒரே ஒரு முடிவு போதும். உங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொன்னதுதான் தங்கம்: 'விற்பனையில் 70 சதவீதம் ஒரே வாகன நிறுவனத்தை நம்பியிருந்தது. ரயில்வே ரப்பர் பேடுகளுக்குத் தனிப் பிரிவு தொடங்கப் பரிந்துரைத்தார். போர்டு ஒப்புதல் தந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் லாபம் குறைந்தது. ஐந்தாம் ஆண்டில் அந்த 70, 40 ஆனது.' யார் பரிந்துரைத்தார், யார் ஒப்புக்கொண்டார், என்ன விலை கொடுத்தீர்கள் என்று மூன்றும் வந்துவிட்டன. லாபம் குறைந்த வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். மற்ற வரிகளை நம்பவைப்பதே அதுதான். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம்.

தலைமைப் பார்வைக்கும் இதே முறைதான். 'மனிதர்களை மதிப்பவர்' என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. 'இன்றைய மூன்று பிளான்ட் மேனேஜர்களில் இருவர் ஷிஃப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்தவர்கள்' என்பதைச் சரிபார்க்கலாம்.

கோயில் அறங்காவலர், பள்ளிக் கமிட்டி, தொழில் வர்த்தக சங்கப் பொறுப்புகளை கம்பெனி போர்டுகளோடு கலந்து எழுதும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அவற்றை 'பொதுப் பணி' என்று தனியே கடைசியில் வையுங்கள். கலந்தால் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதுபோல் ஆகிவிடும்.

அனுப்புமுன், ரயில்வே முடிவு எடுத்த கூட்டத்தில் உடனிருந்த உங்கள் ஃபைனான்ஸ் தலைவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த வரியில் முகம் சுளிக்கிறாரோ, அதைத் திருத்துங்கள்.