சின்னப் பலகையில் தமிழ் பேசும் ரோபோ: கேள்வி பதில்

கீழே உள்ள பதில்கள் ஒரே அமைப்பை மனத்தில் வைத்து எழுதியவை: ராஸ்பெர்ரி பை 4, 64 பிட் இயங்குதளம், `facebook/mms-tts-tam` மாடலின் ஓஎன்என்எக்ஸ் வடிவம், அதை ஓட்ட `sherpa-onnx`. இந்த மாடலின் உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்காது. விற்பதற்காக ரோபோ செய்பவர்கள் தொடங்கும்போதே வேறு மாடல் தேடிக்கொள்ளுங்கள்.

"அக்கா, 'வெப்பநிலை 32 டிகிரி'ன்னு குடுத்தா 'வெப்பநிலை டிகிரி'ன்னுதான் சொல்லுது. எர்ரர் எதுவும் வரல. மாடல் கெட்டுப்போச்சா?"

மாடலில் கோளாறு இல்லை. அது எழுத்து எழுத்தாகப் படிக்கும் மாடல். தனக்குத் தெரிந்த எழுத்துகளின் பட்டியலை `tokens.txt` என்ற கோப்பில் வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத எதுவும் ஒலியாக மாறுவதற்கு முன்பே உதிர்ந்துவிடும். எண், ஆங்கில எழுத்து, டிகிரிக் குறி என்று பலவும் இப்படிக் காணாமல் போகலாம். அதனால், மாடலுக்குக் கொடுக்கும் முன் எது உதிரப்போகிறது என்று பாருங்கள்:

```python
import re, unicodedata
vocab = {l[0] for l in open("tokens.txt", encoding="utf-8")}
t = unicodedata.normalize("NFC", text).replace("\u200c", "")
t = re.sub("\u0bc6\u0bb3(?![\u0bbe-\u0bcd])", "\u0bcc", t)
print([c for c in t if c not in vocab])
```

கடைசி வரி வெற்றுப் பட்டியலாக வரும்வரை வாக்கியத்தை விடாதீர்கள். எண்களை எழுத்தாக்க ஒரு சிறு ஃபங்ஷன் நீங்களே எழுதுவது நல்லது. ஒன்று முதல் தொண்ணூற்று ஒன்பது வரை நேரடிப் பட்டியல். அதற்கு மேல் நூறு, ஆயிரம், லட்சத்துக்கு இரண்டிரண்டு வடிவம்: தனியே வந்தால் "நூறு", பின்னால் இன்னும் எண் இருந்தால் "நூற்று". அப்படித்தான் 250 "இருநூற்று ஐம்பது" ஆகும். 900 "தொள்ளாயிரம்", இதை விதியால் பிடிக்க முடியாது, பட்டியலில் வையுங்கள்.

பலர் கோட்டை விடுவது எண்ணோடு ஒட்டும் வேற்றுமை உருபில். "32க்கு" என்பது "முப்பத்திரண்டுக்கு". அதில் சிக்கல் இல்லை. "32ல்" வந்தால் "முப்பத்திரண்டு ல்" என்று இரண்டாக உடைந்து, தனி "ல்" விக்கல்போலக் கேட்கும். உகரத்தைக் கழித்து "முப்பத்திரண்டில்" என்று சேர்க்க வேண்டும். "1000ல்" என்றால் "ஆயிரத்தில்". எண்ணையும் அதற்குப் பின்னால் வரும் தமிழ் எழுத்துகளையும் ஒரே துண்டாகப் பிடித்து மாற்றினால்தான் இது சரியாகும்.

"அந்தக் கோடுல நாலாவது வரி எதுக்கு? புரியல."

"மௌனம்" என்ற சொல்லைப் பலர் "மெளனம்" என்று தட்டச்சு செய்கிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் எகரக் குறியும் ளகரமும். மாடல் இரண்டாவதை "மெ-ள-னம்" என்றே படிக்கும். மூன்றாவது வரியில் உள்ள NFC இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் யூனிகோடுக்கு அவை உண்மையிலேயே இரண்டு எழுத்துகள். அந்த வரி, எகரக் குறிக்குப் பின் வரும் ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு குறியோ இல்லாவிட்டால் மட்டும் மாற்றும். அதனால் "தெளிவு", "வெள்ளம்" இரண்டும் தப்பித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: "விளக்கு" என்பதைப் பேச்சுவழக்கில் "வெளக்கு" என்று எழுதினால் இந்த வரி அதை "வௌக்கு" ஆக்கிவிடும். உங்கள் ரோபோ பேச்சுத் தமிழ் பேசினால் இந்த வரியை எடுத்துவிட்டு, மௌனம், கௌரவம், பௌர்ணமி போன்ற சொற்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

"கேள்வி கேட்டா அஞ்சு செகண்ட் சும்மா நிக்குது, அப்புறம்தான் பேசுது. int8 ஆக்கினா சைஸ் நாலுல ஒண்ணு, வேகம் நாலு மடங்குன்னு படிச்சேன். அதையே பண்ணிடவா?"

சைஸைப் பற்றிய பாதி சரி, வேகத்தைப் பற்றியது இங்கே பொருந்தாது. இந்த மாடலில் நேரத்தைத் தின்பது கடைசியில் அலைவடிவத்தை உருவாக்கும் பகுதி, அது முழுக்கக் கன்வல்யூஷன். int8 ஆக்கும் `quantize_dynamic` எல்லாவற்றையும் மாற்றினால் அவை `ConvInteger` ஆகிவிடும். அப்போது பெரும்பாலும் கிடைப்பது இந்தப் பிழைதான்:

```
NOT_IMPLEMENTED : Could not find an implementation for ConvInteger(10)
```

`op_types_to_quantize=["MatMul"]` என்று கொடுத்தால் பிழை போகும். ஆனால் கன்வல்யூஷன் அப்படியே இருக்கும், வேகத்தில் சொல்லும்படி எதுவும் மாறாது. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க, வாக்கியத்தை வெட்டிக் கொடுப்பதுதான் வழி.

முதலில் `sherpa-onnx-offline-tts` ஒருமுறை ஓட்டி, முடிவில் அது காட்டும் RTF எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடிப் பேச்சைச் செய்ய எத்தனை வினாடி ஆகிறது என்பதுதான் அது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்தக் கட்டளையையே புதிதாக ஓட்டுகிறீர்கள் என்றால், மாடலை ஏற்றும் நேரமும் ஒவ்வொரு முறையும் சேரும். பைத்தானில் ஒருமுறை ஏற்றி நினைவகத்திலேயே வைத்திருங்கள்.

உங்களுக்கு 0.6 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 வினாடி வாக்கியத்தை முழுதாகச் செய்ய 4.8 வினாடி; நீங்கள் சொல்லும் அந்த ஐந்து வினாடி மௌனம் இதுதான். முதல் துண்டு "பேட்டரி குறைந்துவிட்டது" என்று 1.5 வினாடியாக இருந்தால், 0.9 வினாடியில் வாய் திறந்துவிடும். அது ஒலிக்கும் 1.5 வினாடிக்குள் அடுத்த துண்டு தயாராக வேண்டும். அடுத்தது 3.5 வினாடி நீளம் என்றால் அதற்கு 2.1 வினாடி ஆகும், நடுவில் 0.6 வினாடி ஓட்டை விழும். அதே வாக்கியத்தை 1.5, 2.5, 4 என்று வெட்டுங்கள். 2.5 வினாடித் துண்டுக்கு 1.5 வினாடி ஆகும், மயிரிழையில் வந்து சேரும். 4 வினாடித் துண்டுக்கு 2.4 ஆகும், அதுவும் தப்பிக்கும். ஒன்றை RTF ஆல் வகுத்தால் வருவதுதான் உச்சவரம்பு, இங்கே சுமார் 1.67. எந்தத் துண்டும் முந்தையதைவிட அத்தனை மடங்குக்கு மேல் நீளக் கூடாது. நடைமுறையில் ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

"காற்புள்ளியில வெட்டினேன். ஓகே. காற்புள்ளி இல்லாத நீள வாக்கியத்துல அஞ்சு சொல்லுக்கு ஒரு தடவை வெட்டினா சில இடத்துல 'த்'துன்னு ஒரு துப்பல் சத்தம் வருது."

வெட்டு ஒற்று மிகுந்த இடத்தில் விழுந்திருக்கிறது. "சார்ஜருக்குத் திரும்பிப் போகிறேன்" என்பதை முதல் சொல்லோடு வெட்டினால், துண்டு "சார்ஜருக்குத்" என்று முடியும். அந்தத் "த்" அடுத்த சொல்லின் தகரத்தோடு சேர்ந்து ஒலிக்க வேண்டியது. தனியே விட்டால் மாடல் அதை அப்படியே உச்சரித்துக் காட்டும். க், ச், த், ப் ஆகிய நான்கில் முடியும் சொல்லுக்குப் பின் ஒருபோதும் வெட்டாதீர்கள். "வந்து", "பார்த்தால்", "முடிந்த பிறகு" போன்ற எச்சங்களுக்குப் பின் வெட்டினால் காது உறுத்தாது. பேசும்போது நாமும் அங்கேதான் மூச்சு விடுகிறோம்.

காற்புள்ளியும் உதிர்கிற பட்டியலில் இருக்கலாம், மேலே சொன்ன சோதனையில் தெரியும். அப்படியானால் மாடலே இடைவெளி விடாது. துண்டுகளுக்கு நடுவே 2400 சுழியங்களைச் செருகுங்கள். 16,000 ஹெர்ட்ஸில் அது 0.15 வினாடி. முற்றுப்புள்ளிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு.

"நான் ஈஎஸ்பி32-எஸ்3 வச்சிருக்கேன், 8 எம்பி பிஎஸ்ராம். துண்டு துண்டா வெட்டிக் குடுத்தா அதுலயே ஓடிடும்ல அக்கா?"

ஓடாது. வெட்டுவது வாக்கியத்தை, மாடலை அல்ல. மாடல் கோப்பே நூறு எம்பிக்கு மேல். ரோபோ சொல்லப்போகும் வாக்கியங்கள் முன்கூட்டியே தெரிந்தவை என்றால், கணினியில் ஒலியாக்கி எஸ்டி கார்டில் வைத்துவிடுங்கள். 16 பிட் ஒற்றைத் தடத்தில் வினாடிக்கு 32,000 பைட். மூன்று வினாடி வாக்கியங்கள் 200 இருந்தாலும் 20 எம்பியைத் தாண்டாது. மாறும் எண்களுக்காக எண் சொற்களைத் தனித்தனியாகப் பதிந்து ஒட்டலாம், ஒட்டு கொஞ்சம் தெரியும்.

"தலையை ஆட்டும்போது மட்டும் பேச்சு விட்டு விட்டு வருது. தலை அசையாம இருந்தா நல்லாப் பேசுது. ஸ்பீக்கரை மாத்தணுமா?"

ஸ்பீக்கரை விடுங்கள். தலை ஆடியவுடன் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
vcgencmd get_throttled
```

`0x50000` என்று வந்தால், இடையில் மின்னழுத்தம் இறங்கியது, பலகை வேகத்தையும் குறைத்துக்கொண்டது என்று பொருள். செர்வோவும் பையும் ஒரே 5 வோல்ட்டில் இருந்தால் இது வழக்கமாக நடக்கும். வேகம் குறைந்தால் RTF ஒன்றைத் தாண்டும், அடுத்த துண்டு நேரத்துக்கு வராது, பேச்சு அறுந்துபோகும். செர்வோவுக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள், இரண்டின் கிரவுண்டையும் மறக்காமல் இணைத்துவிடுங்கள்.

`0x0` வந்தும் பேச்சு அறுகிறது என்றால் வேறு காரணம். ஒவ்வொரு துண்டின் முதல் அசை மட்டும் விழுங்கப்பட்டால், ஆம்ப்ளிஃபயர் தூங்கி எழுகிறது. MAX98357A போன்ற ஐ2எஸ் ஆம்ப்ளிஃபயர் கடிகாரத் துடிப்பு நின்றதும் அணைந்துவிடும், திரும்ப எழச் சிறிது நேரம் பிடிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் `aplay` அழைக்காமல், ஒரே ஒலி ஸ்ட்ரீமைத் திறந்து வைத்து, பேச்சு இல்லாதபோது சுழியங்களை ஓட்டிக்கொண்டிருங்கள்.

"கேள்வியா சொன்னாலும் செய்தி வாசிக்கிற மாதிரியே இருக்கு. 'சாப்டீங்களா'ன்னு பேச்சுத் தமிழ்ல சொல்ல வைக்க முடியுமா?"

இந்த மாடல் புதிய ஏற்பாட்டை வாசித்த பதிவுகளில் பயிற்சி பெற்றது, அதனால் வாசிப்பு நடை அதில் ஊறியிருக்கிறது. "சாப்டீங்களா" என்று எழுதினால் அப்படியே எழுத்துக்கூட்டிச் சொல்லும். கேள்வியின் ஏற்றம் வராது, கேள்விக்குறியே அதற்குத் தெரியாமல் இருக்கலாம். நீளத்தை மாற்றும் `--vits-length-scale` எண்ணை 0.9 ஆக்கினால் வேகம் கூடிக் கொஞ்சம் பேச்சுபோலத் தோன்றும். ஏற்றம் வேண்டுமென்றால் பேச்சுத் தமிழில் பதிவு செய்து மறுபயிற்சி கொடுக்க வேண்டும். அதற்கு எத்தனை மணி நேரப் பதிவு போதும் என்பதில் எனக்கு இன்னும் தீர்ந்த முடிவு இல்லை.

"அதே மாடல்ல 'சாப்டீங்களா'வோட கடைசி அரை செகண்டை மட்டும் சுருதி ஏத்திப் பார்த்தேன். 'ளா' நல்லா வருது, ஆனா 'வர்றீங்கதானே'ல உளறுது."

"வர்றீங்கதானே"யில் அரை வினாடிக்குள் "தானே" முழுவதும் விழுந்து, அதோடு "க"வும் மாட்டிக்கொள்கிறது. அரை வினாடி என்று வெட்டாமல் கடைசி உயிரொலியை மட்டும் ஏற்றிப் பாருங்கள். எங்கே தொடங்குகிறது என்பதை ஒலியின் வலிமையை 20 மில்லிவினாடித் துண்டுகளாக, அதாவது 320 சாம்பிள்களாக, அளந்து கண்டுபிடிக்கலாம். "தானே"க்கு ஏற்றமே வேண்டுமா, இறக்கமா என்பது வேறு வழக்கு. இங்கே இருக்கும் மற்றவர்கள் தங்கள் பதிவுகளில் என்ன கேட்கிறது என்று எழுதுங்கள்.