அம்மாவுக்கு அரைப்பேர், எனக்கு டியர் அப்ளிக்கண்ட்

வணக்கம் சேர்,

நான் பொகவந்தலாவ பக்கம். டிகிரி முடிச்சி ரெண்டு வருசம் ஆகுது. இதுவரைக்கும் 63 இடத்துக்கு அப்ளிக்கேஷன் போட்டுட்டேன், 19 ரிஜெக்ட் மெயில் வந்திருக்கு, மத்ததுக்கு பதிலே இல்ல. இத வச்சி ஒரு கவிதை எழுதினேன். கூட படிச்சவங்க நல்லா இருக்குங்குறாங்க, ஆனா எனக்கே ரெண்டாவது தரம் வாசிக்க தோணல. எங்க பிழைன்னு சொல்லுவீங்களா? பேர் போட வேணாம் சேர், இத்தன ரிஜெக்ட் வந்தது அம்மாவுக்கு தெரியாது.

நிராகரிப்பு

மின்னஞ்சல் என்னும் மின்னல் தாக்கி
மீண்டும் மீண்டும் எரிகிறேன் நான்
நிராகரிப்பின் முட்கள் குத்தியும்
நம்பிக்கை விளக்கை அணையவிடேன்
அம்மாவுக்கு இன்னைக்கு அரைப்பேர்
எனக்கு டியர் அப்ளிக்கண்ட்
கோயில் பாறையில் ஏறினால் சிக்னல்
இறங்கினால் இருட்டு
காத்திருப்பு ஒரு கடல்
கரை ஒரு நாள் தெரியும்
விடியும் என் வானம்
வெல்வேன் நான்

*

அன்புள்ள மகள்,

ஒங்க கவிதையில பன்னெண்டு வரி இருக்கு, அதுல நடுவுல உள்ள நாலு வரிதான் நீங்க எழுதினது. மத்த எட்டும் யாரோ எப்பவோ எழுதி வச்சத நீங்க கொப்பி பண்ணி போட்டிருக்கீங்க. கோவிச்சிக்காதீங்க, நாங்க எல்லாரும் அப்பிடித்தான் ஆரம்பிச்சோம். மின்னல், முள்ளு, விளக்கு, கடல், வானம்னு அந்த எட்டு வரிக்குள்ள அஞ்சு சாமான் வந்துருச்சி, பொகவந்தலாவ மலையில நின்னுக்கிட்டு கடலுக்கு எதுக்கு போறீங்க?

ஆனா அந்த நாலு வரி இருக்கே. "அம்மாவுக்கு இன்னைக்கு அரைப்பேர், எனக்கு டியர் அப்ளிக்கண்ட்." நான் இத வாசிச்சிட்டு எழும்பி போயி முற்றத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். தேயிலத் தோட்டத்துக்கு வெளிய இருந்து இத வாசிக்கிறவங்களுக்காக சொல்றேன், எங்க பக்கம் ஒரு நாள் சம்பளத்துக்கு பேரே "பேர்"தான். தோட்டம் சொல்ற கிலோ கொழுந்து எடுத்தா செக்ரோல்ங்குற சம்பளக் கணக்கு புத்தகத்துல ஒரு பேர் விழும், கொறஞ்சா அரைப்பேர். காலையில இருந்து அட்டைக்கடியோட மலையேறி எறங்குன ஒரு பொம்பளைய அன்னைக்கு பாதி ஆளாத்தான் கணக்குல எழுதுவாங்க. அதுக்கு பக்கத்துல மகளுக்கு பேரே இல்லாம, டியர் அப்ளிக்கண்ட். அம்மாவுக்கு பாதியாச்சும் பேர் இருக்கு, படிச்ச பிள்ளைக்கு அதுவும் இல்ல. இத நீங்க யோசிச்சி வச்சீங்களா, தானா வந்து விழுந்துச்சான்னு எனக்கு தெரியாது, எப்பிடி வந்திருந்தாலும் ஒங்களுதுதான். அந்த எடத்துல மட்டும் பாஷையும் மாறுது பாருங்க, "அணையவிடேன்" "வெல்வேன் நான்"னு மேடையில நிக்கிற ஆள் எறங்கி வந்து "இன்னைக்கு"ன்னு வீட்டுல பேசுற மாதிரி பேசுது.

எனக்கும் இப்பிடி ஒரு கத உண்டு. 1994ல ஒரு நேர்முகத்துக்கு கூப்பிட்ட கடுதாசி எனக்கு வந்துச்சி. லயத்துல இருக்கிறவங்களுக்கு தனி விலாசம் இல்லையே, எல்லாம் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் வரும், அங்க கெடந்து கெடந்து என் கையில கெடைக்கும்போது நேர்முகம் முடிஞ்சி நாலு நாள். அன்னைக்கு ராத்திரியே முப்பது வரி எழுதினேன், விதி, சதி, நதி எல்லாம் வந்துச்சி, எங்க நதி வந்துச்சின்னு இன்னைக்கும் வெளங்கல. அந்த முப்பதுல ஒண்ணு கூட இப்ப ஞாபகம் இல்ல. ஞாபகம் இருக்கிறது என்னன்னா, அந்த கவருக்கு மேல யாரோ தேத்தண்ணி கோப்பைய வச்சிருந்த வட்டக் கற. அத நான் எழுதவே இல்ல. எழுதவேண்டியது அது ஒண்ணுதான்.

சரி, இப்ப ஒங்க மெயிலுக்கு வருவோம். நீங்க மெயில மின்னல்னு சொல்லிட்டீங்க, மின்னல்னா ஒரு நொடி, பட்டுனு அடிச்சி முடிஞ்சிரும். ரிஜெக்ட் மெயில் அப்பிடியா வருது? ஃபோன்ல மேல ஒரு துண்டு தெரியும், "டியர் அப்ளிக்கண்ட், தேங்க் யூ ஃபார் யுவர் இன்ட்ரஸ்ட்"னு அதோட வெட்டுப்படும். மிச்சம் தெரியாது. ஆமாவா இல்லையான்னு அந்த துண்டுல இருக்காது, தெறந்து கீழ போகணும், ரெண்டாவது பந்தியில "அன்ஃபோர்ச்சுனேட்லி" இருக்கான்னு கண்ணு மொதல்ல அததான் தேடும், ஏன்னா இங்கிலிஷ்ல அந்த சொல்லு வாக்கியத்துக்கு முன்னாடியே வந்து நிக்கும், அத பாத்தா அந்த வாக்கியத்துல மிச்சத்த வாசிக்க தேவையே இல்ல.

தமிழ்ல அப்பிடி இல்ல மகள். இதத்தான் நான் ஒங்களுக்கு முக்கியமா சொல்ல நெனச்சது. தமிழ்ல வினை கடைசியிலதான் வரும், "இல்லை" அந்த வினைக்கும் வால்ல ஒட்டிக்கிட்டு வரும். நம்ம ஊரு ஒபிஸ் கடிதத் தமிழ்ல அந்த மெயில எழுதிப் பாருங்க:

உங்கள் விண்ணப்பத்தை மிகக் கவனமாகப் பரிசீலித்ததன் பின்னர் தங்களை இப்பதவிக்குத் தெரிவுசெய்ய இயலவில்லை என்பதை அறியத்தருகிறோம்.

"தெரிவுசெய்ய" வரைக்கும் வேல ஒங்களுதுதான். "இயல" வரைக்கும் கூட வேல போகல. "வில்லை"யிலதான் போகுது. அப்ப வரிய எங்க ஒடைக்கணும்? "இயல"வோட நிப்பாட்டி, "வில்லை"ய அடுத்த வரிக்கு தள்ளுங்க. வாசிக்கிற ஆளும் வரிக்கு வரி தாண்டுற அந்த ஒரு மூச்சுக்கு ஒங்களோட சேந்து நம்பும், பெறகு ஒங்களோட சேந்து விழும். நீங்க "எரிகிறேன் நான்"னு சொல்லவேண்டிய வேலைய அந்த ஒடைப்பே செஞ்சிரும். ஒண்ணு மட்டும், இத கவிதை முழுக்க செய்யக்கூடாது, ஒரே ஒரு தரம்தான் வேல செய்யும். ரெண்டாவது தரம் செஞ்சா அது வித்தையா தெரியும்.

அடுத்தது அலுப்பு. அலுப்ப எழுதுறது கஷ்டம், ஏன்னா அலுப்ப அப்பிடியே எழுதினா வாசிக்கிறவருக்கும் அலுத்துரும், 63ன்னு எண்ணிக்கைய சொன்னாலும் அது செய்தி மாதிரி போயிரும், "மீண்டும் மீண்டும்"னு சொல்றதும் அப்பிடித்தான், சொல்லுல மட்டும் மீண்டும் இருக்கு, கவிதையில ஒண்ணும் திரும்பி வரல. இதுக்கு நம்ம பாஷையில பழைய வழி ஒண்ணு இருக்கு. ஐங்குறுநூறுல குறிஞ்சி நூறு கபிலர் பாடினது, அதுல மொதல் பத்துக்கு பேர் அன்னாய் வாழிப் பத்து. பத்து பாட்டும் "அன்னாய் வாழி வேண்டன்னை"ன்னு ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கும், அதுக்கு பெறகு வர்ற சேதி மாறிக்கிட்டே போகும். ஒப்பாரியிலயும் இதான், அடி அப்பிடியே திரும்ப வரும், ஒரு சொல்லு மட்டும் மாறும், எல்லாரும் அந்த மாறுற சொல்லுக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்பாங்க. வேல தேடுற நாளும் அச்சு அப்பிடித்தானே, கோயில் பாற அதே பாற, சிக்னல் அதே ரெண்டு கோடு, அப்பிளிக்கேஷன் ஃபோம்ல கேக்குற கேள்வி கூட அதே கேள்வி, மாறுறது அம்மாவோட பேர் மட்டுந்தான், ஒரு நாள் அரை, ஒரு நாள் முழுசு, ஒரு நாள் ஒண்ணுமில்ல. அதனால மூணு சுத்து போதும், 63 தேவையில்ல. மொதல் சுத்துல வாசிக்கிறவர் பழகுவாரு, ரெண்டாவதுல இது இப்பிடித்தான்னு தெரிஞ்சிக்குவாரு, மூணாவதுல நீங்க அந்த பழக்கத்த எங்கயாச்சும் முறிக்கணும்.

எங்க முறிக்கிறது? அங்கதான் நம்பிக்கைய வைக்கணும்னு நான் நெனைக்கிறேன், ஆனா "நம்பிக்கை"ங்கிற சொல்லு கவிதைக்குள்ள வரவே கூடாது, விளக்கும் வேணாம் விடியலும் வேணாம். நம்பிக்கைன்னா என்ன, மறுநாளும் அந்த பாறையில ஏறுறதுதானே. ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறிப்போயி கொமியூனிகேஷன் கடையில காச குடுத்து அதே சேட்டிபிகேட்ட திரும்ப ஸ்கேன் பண்றது. வெள்ளிக்கிழமையானா அரசாங்க வேல வருதான்னு கஸட்ட தெறந்து பாக்குறது. ஒங்க ஃபோன்ல சிவி என்ன பேர்ல சேவ் ஆகி இருக்குன்னு போய் பாருங்க, எனக்கு தெரிஞ்ச ஒரு பொடியன்ட ஃபோன்ல CV_final_7.pdfனு இருந்துச்சி, ஃபைனலுக்கு பெறகு ஏழு. அந்த ஏழ விட பிடிவாதமான நம்பிக்கைய நான் எந்த கவிதையிலயும் பாக்கல.

சும்மா சொல்லிட்டு போகக்கூடாதுன்னு ஒங்க நாலு வரிய எடுத்து இப்பிடி கட்டிப் பாத்தேன்:

கோயில் பாறையில ஏறினா சிக்னல்
உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி
எறங்கினா இருட்டு
அம்மாவுக்கு இன்னைக்கு அரைப்பேர்
எனக்கு டியர் அப்ளிக்கண்ட்

கோயில் பாறையில ஏறினா சிக்னல்
உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி
தங்களைத் தெரிவுசெய்ய இயல
வில்லை
எறங்கினா இருட்டு
அம்மாவுக்கு இன்னைக்கு முழுப்பேர்
எனக்கு டியர் அப்ளிக்கண்ட்

கோயில் பாறையில ஏறினா
மழ. சிக்னல் இல்ல
அம்மாவுக்கு இன்னைக்கு வேல இல்ல
எனக்கு

CV_final_7.pdf

மூணாவது சுத்துல "எனக்கு"ன்னு சொல்லிட்டு விட்டுட்டேன் பாருங்க, சிக்னல் இல்லாத நாள்ல இல்லைன்னு சொல்றதுக்கும் ஆளில்ல, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் எல்லா வேலையும் இன்னும் ஒங்களுக்காக காலியாத்தான் இருக்கு. மடத்தனந்தான், ஆனா வேல தேடுன ஒவ்வொருத்தரும் அந்த மடத்தனத்துல ஒரு ராத்திரியாச்சும் நல்லா தூங்கியிருப்பாங்க. அந்த மழ நாள நான் கற்பனையில போட்டது, ஒங்களுக்கு அப்பிடி ஒரு நாள் இல்லாட்டி தூக்கிருங்க. முழுப்பேர் விழுந்த நாள்ல வீட்டுல என்ன நடந்துச்சின்னும் எனக்கு தெரியாது, அம்மா அன்னைக்கு சந்தோசமா வந்தாங்களா, கால நீட்டி படுத்துட்டாங்களா, அது ஒங்களுக்குத்தான் தெரியும், என்ட கட்டுல அது ஓட்டையா கெடக்கு. பதிலே வராத 44 அப்பிளிக்கேஷனும் இதுல இல்ல. வராத மெயில எப்பிடி எழுதுறதுன்னு யோசிச்சேன், வெறும் வரி விட்டும் பாத்தேன், சரியா வரல. ஒங்களுக்கு ஏதாச்சும் தோணும்.

இன்னொண்ணு. கவிதைய விட்டுட்டு ஒங்க கடுதாசிய திரும்ப வாசிச்சா, கடைசியில போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க, அம்மாவுக்கு தெரியாதுன்னு. 19 மெயில மறைச்சி வச்சிக்கிட்டு பாறையில இருந்து எறங்கி வந்து அடுப்படியில குந்துற பிள்ளைக்கிட்ட அம்மா ஏதாச்சும் கேப்பாங்கதானே, இல்லாட்டி கேக்காம விடுவாங்க. "எறங்கினா இருட்டு"க்கு அடுத்த வரி அங்கதான் இருக்கு. அத எழுதி அனுப்புங்க, தலைப்பையும் மாத்துங்க.

அன்புடன்