‘பெண்டிங் பிரபு’ யார்?

கேள்வி: கும்பகோணத்தில் இருந்து எழுதுகிறேன். கம்பெனி ஆட்சிக்காலத் தஞ்சையைப் பற்றிய ஆவணப்படத்துக்குப் பின்னணிக் குரல் பிரதி எழுதிக் கொடுத்தேன். ‘பெண்டிங் பிரபு’ என்ற பெயரை வாசித்தவர், ‘வேலை பெண்டிங்’ என்பதைப் போலவே சொல்லிவிட்டார். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எழுத்தும் கொடுத்திருந்தேன். இனி எப்படி எழுத வேண்டும்?

பதில்: வாசித்தவரைக் குறை சொல்ல வழியில்லை ஐயா. தாளில் இருந்ததைத்தான் அவர் சொன்னார். ‘ண்ட’ என்று எழுதினால் தமிழ்க் கண்ணுக்கு அது வண்டி, நண்டு ஒலிதான். சொல்லின் முதலில் நிற்கும் ‘ப’ என்பது ‘பல்’லின் ப-வா, ‘பஸ்’ஸின் ப-வா என்று எழுத்து காட்டாது. போதாக்குறைக்குக் கடைசியில் ஒலிக்க வேண்டிய ‘க்’ உங்கள் எழுத்தில் இல்லவே இல்லை. 1803 முதல் 1807 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவருக்கு இந்தக் கதி. ஆங்கில எழுத்தும் கை கொடுக்காது. அந்தப் பெயரை முன்பே கேட்டவருக்குத்தான் அது உதவும், மற்றவர் ஓடுகிற வரியில் ஊகித்துச் சொல்லிவிட்டுப் போவார்.

குறிப்பை இப்படி எழுதுங்கள்: ‘பென்-டிங்க்’. மூன்று சுழி ண் வேண்டாம், இரண்டு சுழி ன் போட்டுச் சிறு கோட்டால் பிரியுங்கள். ‘ட’ மெலியாமல் நிற்கும். முதல் அசையைத் தடித்த எழுத்தில் கொடுத்தால் அழுத்தம் அங்கே விழும். ஓரத்தில் ‘பஸ், டிக்கெட், பேங்க்’ என்று மூன்று சொற்கள் போதும்: முதல் எழுத்து பஸ்ஸைப் போல, நடு ‘ட’ டிக்கெட்டைப் போல, முடிவு பேங்க்கைப் போல. வாசிப்பவர் தினமும் சொல்கிற சொற்களாக இருக்க வேண்டும். ஒலிப்பு முறை, வல்லொலி, மெல்லொலி என்று இலக்கணம் எழுதிக் கொடுத்தால் ஒலிவாங்கியின் முன்னால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பலர் கவனிக்காத பள்ளம் வேற்றுமை உருபு. குறிப்பைச் சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘பென்டிங்கின் உத்தரவு’ என்று எழுதினால் கடைசி ‘க்’ கரைந்து, பழையபடி ‘பெண்டிங்’ வாசலில் வந்து நிற்கிறது. உருபைப் பெயரில் ஒட்டாமல் பட்டத்தில் ஒட்டுங்கள்: ‘பென்டிங்க் பிரபுவின் உத்தரவு’, ‘பென்டிங்க் பிரபுவுக்கு’. ‘போப்’ போன்ற பெயருக்கு இந்தச் சிரமம் இல்லை. ‘போப்பின்’ என்று எழுத்து தானே இரட்டிக்கிறது, ஒலி கெடாது.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லாப் பெயரையும் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள். தமிழில் ஊன்றிவிட்ட பெயர்களைத் தொடக்கூடாது. கால்டுவெல்லை ஆங்கிலேயர் ஏறக்குறைய ‘கோல்டுவெல்’ என்பார்கள். படத்தில் அப்படிச் சொன்னால் ஊரே யார் இவர் என்று கேட்கும். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனும் காட்டனாகவே இருக்கட்டும். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஜெர்மானியர், டேனிஷ் மன்னர் அனுப்பியவர். ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலியைத் தேடுபவர்கள் அவர் பெயரை ஆங்கிலப் பெயராக்கிச் சிதைக்கிறார்கள். நம் முன்னோர் எழுதிய ‘சீகன்பால்கு’ அதைவிட ஜெர்மன் ஒலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனவே முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பெயர் தமிழ்ப் பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறதா, இருந்தால் எந்த வடிவத்தில் என்பதுதான். குறிப்பு தேவைப்படுவது மற்றவற்றுக்கு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தஞ்சை, திருச்சி பக்கம் பதிவுக் கூடத்துக்கு ஆள் பிடித்துத் தரும் தரகர்கள் ‘பெயர்ப் பட்டியலும் நாங்களே தயார் செய்கிறோம்’ என்று பெயருக்கு இவ்வளவு என வாங்குகிறார்கள். கையில் தருவது, ஆங்கில எழுத்தை அப்படியே தமிழ் எழுத்தாக மாற்றும் மென்பொருளில் தட்டிய தாள். எழுத்து மாறியிருக்கும், ஒலி இருக்காது. தவறு வெளிப்பட்டால் மறுபதிவு, மறுபடி பதிவுக் கூடத்துக்கு வாடகை, அதிலும் அவர்களுக்குப் பங்கு. பிழை அவர்களுக்கு வருமானம், திருத்துவார்களா?

அரசுப் பணியாக இருந்தால் வேறு கூத்து. ஒப்புதல் முத்திரை விழுந்த பிரதியில் ஒரு கோடு சேர்க்கக்கூடாது என்பார்கள்; ஒரு அலுவலகத்தில் என் குறிப்புகளை எல்லாம் ‘அச்சுப்பிழை’ என்று சிவப்பு மையால் அடித்துத் திருப்பினார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஒப்புதல் பிரதியை அப்படியே விட்டுவிட்டு, வாசிப்பவருக்கென்று தனிப் பிரதி எடுங்கள். அதில் குறிப்பை அடைப்புக்குறிக்குள் போடாமல், பெயர் வரும் இடத்திலேயே வரியில் எழுதுங்கள். அடைப்புக்குறி இருந்தால் சிலர் பெயரை இருமுறை வாசிப்பார்கள். அந்தப் பிரதியை எழுத்து ஓட்டம் செய்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள், திரையில் ‘பென்-டிங்க்’ என்று கோட்டோடு ஓடும்.

பதிவுக்கு முந்தின நாள், அந்தப் பெயரையே கேட்டிராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்கூட்டி எதுவும் சொல்லக்கூடாது. அவர் தடுக்குகிற இடத்தில் ஓரச் சொல்லை மாற்றுங்கள்.