கைக்கு ஒரு பாட்டு, பொம்மைக்கு வேறு பாட்டு

கேள்வி: என் மகளுக்கு இரண்டேகால் வயது. கை கழுவுவதையும் விளையாட்டுச் சாமான் எடுத்து வைப்பதையும் சேர்த்து நானே நாலு வரி எழுதிப் பாடுகிறேன். கை கழுவும்போது பாட்டு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, சாமான் எடுக்கும்போது பாதியிலேயே ஓடிவிடுகிறாள். வீட்டில் பாடச் சின்னப் பாட்டை எப்படி அமைப்பது?

பதில்: இரண்டு வேலைக்கும் ஒரே பாட்டு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கை கழுவ இவ்வளவு நேரம் என்று அளவு உண்டு. பாட்டு அந்த நேரத்தை நிரப்ப வேண்டும். சாமான் எடுத்து வைக்க அப்படி அளவு இல்லை. இன்று மூன்று பந்து கிடக்கும், நாளை பதினைந்து கிடக்கும். ஆகவே முதல் பாட்டு நீளம் மாறாததாகவும், இரண்டாவது ரப்பர் போல இழுபடுவதாகவும் இருக்க வேண்டும்.

முதலில் கைப்பாட்டின் கணக்கு. சோப்பு நுரையோடு தேய்க்கும் நேரம் மட்டும் குறைந்தது 20 நொடி வேண்டும். நனைப்பதில் தொடங்கித் துடைப்பது வரை முழு வேலைக்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்வது 40 முதல் 60 நொடி. நம் குழந்தைப் பாட்டுகளில் பெரும்பாலும் வரிக்கு நாலு தாளத் தட்டு. நிதானமாகப் பாடினால் நிமிடத்துக்கு 100 தட்டு வரும், அதாவது ஒரு தட்டுக்கு 0.6 நொடி. நாலு வரிப் பாட்டில் 16 தட்டு. பத்து நொடிக்குள் முடிந்துவிடும். உங்கள் பாட்டு ‘சீக்கிரம் முடிவது’ இதனால்தான். மெதுவாக இழுத்துப் பாடி இதைச் சரிசெய்ய முடியாது. இழுத்தால் தாளம் போய்விடும், தாளம் போனால் குழந்தையின் கையும் நின்றுவிடும். வரிகளைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு வரி மனப்பாடம் ஆகாதே? ஆக வேண்டியதில்லை. அவள் பங்குக்கு ஒரே ஒரு சொல் போதும். அதற்குத் தமிழில் நல்ல சொல் தயாராகவே இருக்கிறது: ‘ஆச்சு’. சாப்பிட்டாச்சு, குளிச்சாச்சு, தூங்கியாச்சு என்று நாள் முழுக்க அவள் காதில் விழும் சொல் அது. நீங்கள் கேள்வியாகப் பாட, அவள் ‘ஆச்சு’ என்று சேர்ந்துகொள்ளட்டும்.

தண்ணி கொஞ்சம் தொட்டாச்சா?
ஆச்சு ஆச்சு தொட்டாச்சு
சோப்பு கொஞ்சம் போட்டாச்சா?
ஆச்சு ஆச்சு போட்டாச்சு

உள்ளங்கை தேச்சாச்சா?
ஆச்சு ஆச்சு தேச்சாச்சு
புறங்கையும் தேச்சாச்சா?
ஆச்சு ஆச்சு தேச்சாச்சு
விரல் இடுக்கும் தேச்சாச்சா?
ஆச்சு ஆச்சு தேச்சாச்சு
கட்டை விரலும் தேச்சாச்சா?
ஆச்சு ஆச்சு தேச்சாச்சு
நகத்து நுனியும் தேச்சாச்சா?
ஆச்சு ஆச்சு தேச்சாச்சு

தண்ணி ஊத்து நுரையும் போச்சு
கைகள் ரெண்டும் சுத்தமாச்சு

தட்டு விழும் இடம் இப்படி: உள் – ளங்கை – தேச் – சாச்சா. கட்டை – விரலும் – தேச் – சாச்சா. பதில் வரி: ஆச்சு – ஆச்சு – தேச் – சாச்சு. நடுவில் உள்ள தேய்க்கும் பத்து வரிக்கு 40 தட்டு, 24 நொடி. பள்ளிக்கோ கடைக்கோ கிளம்பும் அவசரத்தில் வேகம் கூடி நிமிடத்துக்கு 120 தட்டு ஆனாலும் 20 நொடிக்குக் கீழே இறங்காது. அந்த நாலு நொடி வேண்டுமென்றே வைத்த உபரி. தொடக்கமும் முடிவும் சேர்த்தால் மொத்தம் 64 தட்டு, 38 நொடி. துடைப்பதையும் சேர்த்துக்கொண்டால் 40 நொடி சுலபமாகத் தாண்டும். உங்கள் வேகத்தைச் சோதிக்க, 15 நொடிக்குள் எத்தனை முறை தட்டுகிறீர்கள் என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். 25 வந்தால் சரி. 30-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துப் பாட வேண்டும்.

கேள்விக்கு ஒரு வரி, பதிலுக்கு ஒரு வரி என்று வைத்ததில் இன்னொரு பயன் உண்டு. உள்ளங்கையும் விரல் இடுக்கும் இரண்டு கைக்கும் ஒன்றாகவே தேய்படும். புறங்கை, கட்டைவிரல், நகம் மூன்றும் அப்படியல்ல. ஒரு கை முடிந்துதான் மறு கை. கேள்வி வரிக்கு வலக்கை, பதில் வரிக்கு இடக்கை என்று வைத்துக்கொண்டால் எதுவும் விட்டுப்போகாது. சின்னக் குழந்தைகளிடம் வழக்கமாகத் தப்பிவிடுவது கட்டைவிரலும் நகமும்தான். நகத்துக்கு, விரல்களைக் குவித்து மறு உள்ளங்கையில் சுரண்டச் சொல்லுங்கள்; அவளுக்கு அது கிச்சுக்கிச்சு மூட்டும்.

செய்யாமலே ‘ஆச்சு’ சொல்லிவிடுவாள் என்ற சந்தேகம் வரும். சொல்லத்தான் செய்வாள். அதற்காகத்தான் முதல் இரண்டு வாரம் அவள் பின்னால் நின்று, உங்கள் கையை அவள் கை மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். உங்கள் கை நகரும்வரை அவள் சொல்லும் ‘ஆச்சு’ பொய்யாகாது. திரவ சோப்பு பட்டாணி அளவு போதும். சோப்புக் கட்டி அவள் கையில் நழுவும் என்பதால் நீங்களே அவள் உள்ளங்கையில் மூன்று சுற்று தேய்த்துவிட்டுக் கட்டியை எட்ட வையுங்கள். ‘சோப்பு போட்டாச்சு’ முடிந்ததும் குழாயை மூடிவிட வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் குழந்தை தண்ணீரில்தான் விளையாடும், நுரையும் கழுவிப் போய்விடும். கடைசி இரண்டு வரிக்குத்தான் மறுபடி திறப்பது. நுரை முழுதும் போகாவிட்டால் அந்த இரண்டு வரியையே திரும்பப் பாடுங்கள்.

சொல் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. இதை எழுத்துத் தமிழில் ‘தேய்த்துவிட்டாயா’ என்று மாற்றினால் தட்டு முழுக்கச் சிதறும். வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே பாடுவதுதான் சரி. யாழ்ப்பாணப் பேச்சு உள்ள வீட்டில் ‘தேச்சாச்சோ’ என்றே கேட்கலாம், தாளம் அசையாது. ‘கழுவு’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். ழகரம் இந்த வயதில் ‘ய’ அல்லது ‘ல’ என்றுதான் வரும். பாட்டின் நடுவே அதைத் திருத்தப்போனால் பாட்டு நின்றுவிடும்.

மெட்டுக்கு மூன்று சுரம் போதும். கேள்வி வரி ச, ரி, க என்று ஏறட்டும். பதில் வரி க, ரி, ச என்று இறங்கட்டும். சங்கீதம் படித்தவர்கள் சங்கராபரணத்தின் ரி, க என்று வைத்துக்கொள்ளலாம். படிக்காதவர்கள் கேள்வி கேட்பதுபோல் குரலைத் தூக்கி, பதில் சொல்வதுபோல் இறக்கினாலே இந்த மெட்டு கிட்டத்தட்ட வந்துவிடும். சுருதியை உங்கள் அடித்தொண்டையில் பிடிக்காதீர்கள். குழந்தையின் குரல் அவ்வளவு கீழே இறங்காது. சேர்ந்து பாட முடியாமல் பேசாமல் நின்றுவிடுவாள். அவள் உங்களைக் கூப்பிடும் குரலின் உயரத்தில் தொடங்குவது உத்தமம்.

இனி சாமான் பாட்டு. இதில் ஒரு வரி சுழன்றுகொண்டே இருக்கும். வேலை முடிந்தபின்தான் கேள்வி வரும்.

பந்து பந்து கூடைக்குள்ள
பந்து பந்து கூடைக்குள்ள
பந்து எல்லாம் போட்டாச்சா?
ஆச்சு ஆச்சு போட்டாச்சு

ஒரு பந்து கூடையில் விழுவதற்கு ஒரு முறை முதல் வரி. மூன்று பந்து கிடந்தால் மூன்று முறை, ஏழு கிடந்தால் ஏழு முறை. தரையில் ஒன்றுகூட இல்லை என்று ஆனபின்தான் ‘போட்டாச்சா’. கேள்வியை முந்திக் கேட்டால் அவள் ‘ஆச்சு’ என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். பாதியில் ஓடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்: உங்கள் நாலு வரி முடிகிறது, அவளைப் பொறுத்தவரை வேலையும் முடிந்துவிட்டது. தரையில் பத்து சாமான் மிச்சம் இருப்பது அவள் கணக்கில் வராது.

மெட்டை மாற்றுங்கள். ப ப க க, ப ப க க என்று இரண்டே சுரம், நடக்கும் வேகத்தில். எட்டி நிற்கும் ஒருவரைக் கூப்பிடும்போது குரல் தானாக விழுமே, அந்த இறக்கம். முதல் இரண்டு சொல் காதில் விழுந்ததுமே இது கைப்பாட்டா சாமான் பாட்டா என்று அவளுக்குப் பிரிந்து தெரிய வேண்டும்.

‘பந்து’ இருக்கும் இடத்தில் ஒரு தட்டுக்குள் அடங்கும் எந்தப் பெயரும் வரலாம்: வண்டி, பொம்மை, யானை, சொப்பு. ‘புத்தகம்’ நீளம், இடறும். வீட்டில் சொல்கிறபடி ‘புக்கு’ என்று பாடுங்கள். மரக்கட்டைகளைக் ‘கட்டை’ என்று பாடினால் சில குழந்தைகள் கட்டைவிரலை நீட்டிக் காட்டும், கைப்பாட்டு அந்த அளவுக்குப் பதிந்திருக்கும். அதற்கு வேறு பெயர் வையுங்கள்.

ஒரு முறைக்கு ஒரே வகைச் சாமான். இந்த வயதில் ‘எல்லாத்தையும் எடுத்து வை’ என்பது அவளுக்கு எங்கே தொடங்குவது என்றே புரியாத வேலை. பந்து, வண்டி என்று இரண்டு வகையோடு தொடங்குங்கள், வகைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். மீதியை நீங்களே முன்கூட்டி எடுத்துவிடுங்கள். கூடைக்கு மூடி கூடாது, விளிம்பு அவள் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால் இந்தப் பாட்டு வேலை செய்யாது. தரையில் உட்கார்ந்து முதல் பந்தை நீங்களே போட்டுக்கொண்டு பாட வேண்டும்.

அவள் கையில் எடுத்ததைப் போடாமல் மறுபடி விளையாடத் தொடங்கினால் திட்டாதீர்கள், பாட்டையும் தொடராதீர்கள். ‘பந்து பந்து கூடைக்…’ என்று கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பாட்டு பழகிய குழந்தைக்கு அந்தத் தொங்கல் பொறுக்காது. ‘குள்ள’ என்று தானே முடிக்கும், பெரும்பாலும் பந்தும் கூடவே விழும். விழாவிட்டால் அவள் பசியிலோ தூக்கத்திலோ இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு மீதியை நீங்களே பாடிப் போட்டுவிடுங்கள். கடைசி ஒன்றை மட்டும் அவள் கையில் கொடுத்துப் போடச் சொல்லிவிட்டு, ‘போட்டாச்சா’ என்று கேளுங்கள்.