தலைப்பைத் தேடினால் ஆய்வேடு கிடைக்குமா? – கேள்வி பதில்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் ஆய்வேடுகளை ஷோத்கங்கா என்ற இந்திய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றும் பிரிவில் 9 ஆண்டுகள் இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

"'தமிழகத்தில் உப்பளத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார வாழ்வியல் நிலைகள் – ஓர் ஆய்வு.' என் தலைப்பு ரொம்ப நீளமா?" – ஆய்வு மாணவி, தூத்துக்குடி

நீளத்தை விடுங்கள், அதில் இருப்பது உண்மையா என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய சுருக்கத்தைப் படித்தேன். தூத்துக்குடி பக்கம் 2 ஊர்களில் 140 பேரிடம் பேசியிருக்கிறீர்கள், அத்தனை பேரும் பெண்கள். வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் உப்பளங்கள் உண்டு, அங்கே நீங்கள் போகவில்லை. அதனால் 'தமிழகத்தில்' நிற்காது. வைவாவில் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

அடுத்து 'சமூகப் பொருளாதார வாழ்வியல் நிலைகள்'. நீங்கள் கேட்டது கூலி, கண் எரிச்சல், தோல் வெடிப்பு, அவ்வளவுதான். கல்வி, கடன், குடியிருப்பு எதுவும் கேள்விப் பட்டியலில் இல்லை. அளந்ததை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு நுணுக்கம்: டாக்டர் யாரும் பரிசோதிக்கவில்லை, அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டீர்கள். 'கண் நோய்' என்று போட்டால் மருத்துவர் ஒருவர் திறந்து பார்த்து ஏமாந்துபோவார். எனக்குத் தோன்றுவது: 'தூத்துக்குடி உப்பளப் பெண் தொழிலாளர்கள் சொல்லும் கண், தோல் தொந்தரவுகளும் அவர்களின் கூலியும்'. நீளம் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் இதில் காலிச் சொல் இல்லை.

பதிவு செய்த தலைப்பை மாற்றுவதென்றால் சினாப்சிஸ் கொடுப்பதற்கு முன்பே குழுவில் வைத்துவிடுங்கள். பிறகு என்றால் அலைச்சல்.

"எந்தச் சொல் போட்டாலும் கூகுள் எடுத்துக் கொடுத்துவிடுமே, எதற்கு இவ்வளவு கவலை?" – கணினித் துறை ஆள்

ஆங்கிலத் தலைப்புக்கு நீங்கள் சொல்வது பாதி சரி. `worker` என்று தேடினால் `workers` வருவதற்கு அங்கே வழி செய்து வைத்திருக்கிறார்கள். ஆய்வுத் தரவுத்தளங்கள் பலவற்றில் தமிழுக்கு அந்த வசதி இல்லை. 'உப்பளம்' என்று ஒருவர் தட்டுகிறார். தலைப்பில் இருப்பதோ 'உப்பளத் தொழிலாளர்', அல்லது 'உப்பளங்களில்'. நமக்கு ஒரே சொல், இயந்திரத்துக்கு மூன்று. 'ம்' போய் 'த்' வந்த இடத்திலேயே அது கைவிட்டுவிடும். சிலப்பதிகாரம், நாடகம், கிராமம், எல்லாம் இதே கதிதான். 'கிணறு' 'கிணற்று' ஆவதும், 'வீடு' 'வீட்டு' ஆவதும் இன்னும் மோசம்.

இதற்காகத் தலைப்பைத் தந்தி வாசகம் மாதிரி 'உப்பளம்: பெண் தொழிலாளர்: கூலி' என்று உடைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. தலைப்பு இயல்பாகவே இருக்கட்டும். வேற்றுமை உருபு ஏறாத 'உப்பளம்' சாவிச்சொல் கட்டத்திலும் சுருக்கத்தின் முதல் வரியிலும் வந்துவிட வேண்டும்.

ஆங்கிலத் தலைப்பு கேட்டால் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். தலைப்பில் `Thoothukudi` போட்டால் சாவிச்சொல்லில் `Tuticorin` போடுங்கள், பழைய கட்டுரைகள் பல அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. `salt pan`, `saltpan` இரண்டும் புழங்குகிறது, இரண்டையும் சேருங்கள். கொடுப்பதற்கு முன் உங்கள் ஆய்வைத் தேடுகிறவர் தட்டக்கூடிய மூன்று சொற்களை நீங்களே தட்டிப் பாருங்கள்.

"'ஓர் ஆய்வு' போடாவிட்டால் கைடு கையெழுத்துப் போட மாட்டார்."

கையெழுத்துதான் முக்கியம். போடுங்கள்.

"அப்படி அலட்சியமாகச் சொல்லக் கூடாது. 'ஓர் ஆய்வு' என்பது இது கதையோ கட்டுரைத் தொகுப்போ அல்ல என்று காட்டும் அடையாளம். 30 வருடம் அப்படித்தான் பதிவு செய்தோம்." – ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

ஐயா, ஆய்வேடு மற்றப் புத்தகங்களோடு அலமாரியில் நின்ற காலத்தில் அது நியாயம். இப்போது ஆய்வேடுகள் மட்டுமே இருக்கும் களஞ்சியத்தில் ஒவ்வொன்றின் வாலிலும் 'ஓர் ஆய்வு' இருந்தால் அது எதை எதிலிருந்து பிரிக்கும்? எல்லாக் கடைக்கும் 'கடை' என்று பெயர் வைத்த மாதிரிதான்.

"ஆனால் மருத்துவத்தில் ஆய்வு வகையைத் தலைப்பிலேயே எழுதச் சொல்கிறார்களே? அப்போது பேராசிரியர் சொல்வது சரிதானே?" – செவிலியர் கல்லூரி ஆசிரியை

நல்ல பிடி. கன்சார்ட் நெறிமுறை சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை என்பதைத் தலைப்பிலேயே காட்டச் சொல்கிறது. பிரிஸ்மாவும் முறைசார் மீளாய்வுக்கு அதையே சொல்கிறது. ஆனால் அங்கே சொல்வது எந்த வகை என்று. 'ஓர் ஆய்வு' எந்த வகையையும் சொல்லவில்லை. 'களப்பணி ஆய்வு', 'சுவடி ஒப்பீடு' என்று போட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உங்கள் துறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'எ ஸ்டடி டு அசெஸ் தி எஃபெக்டிவ்னெஸ் ஆஃப் ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம்…' என்று தொடங்கி 'செலக்டெட் ஹாஸ்பிட்டல்ஸ்' என்று முடியும் தலைப்பு எத்தனை ஏற்றியிருப்பேன்! பட்டியலில் நீளமான தலைப்பு வெட்டுப்படும்போது மிஞ்சுவது அந்த முன்பகுதிதான். சர்க்கரை நோயா, தாய்ப்பாலா என்றே தெரியாது. பொருளை முன்னால் கொண்டு வாருங்கள். ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல், ஒரே குழுவுக்கு முன்னும் பின்னும் தேர்வு வைத்திருந்தால் 'எஃபெக்டிவ்னெஸ்' என்பதும் கூடுதல் உரிமை கோரல். 'பயிற்சிக்கு முன்னும் பின்னும்' என்று சொன்னால் போதும்.

"எனக்கு பிஎச்.டி.க்கு நல்ல தலைப்பு ஒன்று தர முடியுமா? துறை கல்வியியல்."

ஆய்வு செய்துவிட்டு வாருங்கள், தலைப்பு பார்ப்போம்.

"'ஓர் ஆய்வு', 'ஒரு ஆய்வு', எது சரி?"

உயிரெழுத்துக்கு முன் 'ஓர்'. இன்றைக்கு இதோடு 'ஓர் ஆய்வு' போதும்.

"என் ஆய்வேடு ஏற்றி ஒரு வருஷமாச்சு. தலைப்பைத் தமிழில் தேடினால் வரவே இல்லை. தலைப்பு சரியில்லையா?"

தலைப்பு நன்றாகவே இருக்கிறது, கோளாறு எழுத்துருவில். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து அட்டையில் உள்ள 'சிலப்பதிகாரம்' என்ற சொல்லைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். வந்தது இது:

```
rpyg;gjpfhuk;
```

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. தேடுபொறி படிப்பது உள்ளே இருப்பதை. யூனிகோடுக்கு மாற்றி, நூலகத்தில் கேட்டு மறுபடி ஏற்றுங்கள். பதிவுக் கட்டத்தில் தலைப்பைத் தமிழ் யூனிகோடில் தட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மற்றவர்களும் கொடுப்பதற்கு முன் ஒருமுறை இப்படி ஒட்டிப் பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

"'உப்பும் கண்ணீரும்' என்று முன்னால் போட்டு, பிறகு விவரம் போட்டால்? படிக்கத் தூண்டுமே." – இதழாளர்

புத்தகமாக வரும்போது அழகு. ஆய்வேட்டில் அந்த முதல் பாதியை யாரும் தேடப் போவதில்லை. சில துறைகளில் ரசிக்கிறார்கள் என்பதும் உண்மை. என் ருசிக்கு ஒத்துவரவில்லை, தவறு என்று சொல்ல மாட்டேன்.

"தூத்துக்குடியிலிருந்து மறுபடியும். கைடு எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டார், ஊர்ப் பெயர் உட்பட. 'ஓர் ஆய்வு' மட்டும் வேண்டுமாம்."

சரி, போட்டுவிடுங்கள் அம்மா. ஆனால் கடைசியில். பட்டியலில் வெட்டுப்படுவது அந்தப் பக்கம்தான்.