அந்தூரியம்: மடல் பச்சையாகவே விரிந்தால்

ஹட்டனிலிருந்து: அக்கா, மூன்று வருடச் செடி. எட்டு இலை இருக்கு, கரும்பச்சையா தட்டு மாதிரி. பூ வருசத்துக்கு ரெண்டுதான், அதுவும் பச்சையாவே விரியுது. மாசம் ஒரு பிடி தேயிலைப் பசளை போடுறேன். வேற என்ன போடலாம்?

வேறு எதுவும் போட வேண்டாம், தங்கச்சி. முதலில் அந்தப் பிடியை நிறுத்துங்கள். தேயிலைக்குப் போடும் கலவை கொழுந்து துளிர்ப்பதற்கானது, நைட்ரஜன் தூக்கலாக இருக்கும். அந்தூரியம் அதை எடுத்துக்கொண்டு இலையைத்தான் பெருக்கும். பூவின் சிவப்பு மடலிலும் பச்சை தங்கிவிடும். காதுப் பக்கமும் நுனியும் பச்சையாக, நடுவில் மட்டும் மங்கிய சிவப்பாக விரிந்திருக்குமே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சில வகைகளுக்குப் பச்சை ஓரம் பிறவியிலேயே உண்டு. வாங்கியபோது முழுச் சிவப்பாகப் பூத்த செடி என்றால் அந்தச் சந்தேகம் வேண்டாம்.

சாடியை வெளியே வைத்து, அடி ஓட்டையால் நன்றாக ஓடும் வரை வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று தடவை. பிறகு ஒரு மாதம் எந்தப் பசளையும் வேண்டாம். அதன்பின் அல்பேர்ட் பசளையைப் பொட்டலத்தில் உள்ள அளவில் பாதியாகக் கரைத்து, வாரம் ஒரு தடவை ஊற்றுங்கள். காய்ந்த சாடியில் ஊற்றக்கூடாது, வேர் நுனி கருகும்.

அடுத்தது எண்ணிக்கை. வளர்ந்த அந்தூரியத்தில் ஒவ்வோர் இலையின் காம்படியிலும் ஒரு மொட்டு உருவாகும். எட்டு இலைக்கு எட்டு மொட்டு இருந்திருக்கும். மற்றவை எங்கே? பழைய இலைகளின் காம்பை விரலால் அடிவரை தடவிக்கொண்டு போங்கள். தண்டோடு சேரும் இடத்தில் பழுப்பாகக் காய்ந்த சின்னத் துரும்பு அகப்பட்டால், மொட்டு உள்ளேயே கருகிவிட்டது. வெளிச்சம் போதாத செடி இப்படித்தான் மொட்டைக் கைவிடும். செடி எங்கே நிற்கிறது?

ஹட்டனிலிருந்து, மறுபடியும்: லயத்து முன்வாசல்ல, தகரக் கூரைக்குக் கீழ, சுவரோரம். துரும்பு மாதிரி மூணு இருக்குக்கா.

அப்படியானால் உங்களுக்கு இரண்டு குறையும் சேர்ந்திருக்கிறது. பசளையை நிறுத்தினால் மட்டும் பூ வராது. கூரை விளிம்புக்குக் கொண்டுவந்து, கிழக்குப் பக்கம் காலை வெயில் ஒரு மணி நேரம் படும்படி வையுங்கள். ஒரே நாளில் நகர்த்தாமல் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. நடுப்பகலில் இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழல் மங்கலாக, விளிம்பு கலைந்து விழுந்தால் வெளிச்சம் சரி. நிழலே தெரியாவிட்டால் இருட்டு. கத்தரித்த மாதிரி விழுந்தால் இலை வெந்துவிடும்.

இன்னொன்று. நிழல் வலை 75 சதவீதம் என்று எல்லோரும் சொல்வது வெயில் அடிக்கும் ஊர்க் கணக்கு. உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும்தான். அந்த மாதங்களில் அதே வலை செடியை இருட்டில் வைத்துவிடும். நான் மெல்லிய வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, மழைக்காலத்தில் ஒரு மடிப்பைச் சுருட்டிவிடுகிறேன். எனக்குப் பூ கூடியது அதற்குப் பிறகுதான்.

அடுத்து வரும் ஒன்றிரண்டு பூ இன்னும் பச்சை கலந்தே வரலாம், அந்த மொட்டுகள் ஏற்கனவே உருவாகிவிட்டன. நாலைந்து மாதம் கழித்து வரும் பூவைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து: எனக்கும் பச்சைதான். விரியும்போது நல்ல சிவப்பு, ஒன்றரை மாதத்தில் பச்சையாகுது. நானும் பசளையை நிறுத்தவா?

வேண்டாம். உங்களுடையது வயதான பூ. நடுத்தண்டைப் பாருங்கள், நிறம் அடியிலிருந்து மேலே மாறிக்கொண்டு போகும். முழுக்க மாறி, கொஞ்ச நாளில் மடலும் பச்சையாகும். மணி மணியாகப் புடைத்தால் காய் பிடித்திருக்கிறது. காம்போடு வெட்டிவிடுங்கள். சாறு கையில் பட்டால் அரிக்கும், உடனே கழுவுங்கள்.

கண்டியிலிருந்து ஓர் ஐயா: இலையை வெட்டினால்தான் பூ வரும். மூன்று இலை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுவேன், 20 வருடமாக. நீங்கள் ஏன் இதைச் சொல்வதில்லை?

இலைக்கு ஒரு பூ என்று இப்போதுதான் எழுதினேன், ஐயா. புது இலையை வெட்டினால் அதன் மொட்டுக்கு உணவு ஏது? பூ வெட்டி முடித்த பழைய இலையை எடுப்பதில் தவறில்லை. நெருக்கமாக நட்ட செடியில் அது வெளிச்சத்தை உள்ளே விடும். உங்களுக்குப் பூ வந்தது அந்த வெளிச்சத்தால் என்றே நினைக்கிறேன்.

பதுளையிலிருந்து: ஜூலைக் காற்றில் மொட்டு விரியாமல் ஓரம் காய்ந்து நிற்கிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை ஸ்பிரே அடிக்கிறேன்.

ஸ்பிரே பத்து நிமிடத்தில் உலர்ந்துவிடும், அந்தக் காற்றில் இன்னும் சீக்கிரம். காற்று வரும் பக்கம் சாக்கு கட்டி நனையுங்கள். சாடிகளை நெருக்கி வைத்து, கீழே செங்கல் துண்டு பரப்பி, காலையும் மதியமும் தரையை நனையுங்கள். ஈரப்பதம் 70 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால் மடல் ஒழுங்காக விரியும். மாலை நாலு மணிக்குப் பிறகு இலையில் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

நுவரெலியாவிலிருந்து: செடி உயிரோடு இருக்கு, ஆனால் ஆறு மாசமா ஒரு புது இலைகூட இல்லை.

குளிர். 15 பாகைக்குக் கீழே அது வளர்வதில்லை, இலை இல்லையென்றால் பூவும் இல்லை. பிளாஸ்டிக் கூடாரம் அல்லது வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னல். குளிர் மாதங்களில் தண்ணீரைக் குறையுங்கள், பசளை வேண்டவே வேண்டாம்.

நாவலப்பிட்டியிலிருந்து: பூ வர என்ன பசளை போடலாம்?

ஹட்டன் பதிலை முழுவதும் படியுங்கள்.

மாத்தளையிலிருந்து: யூரியா கொஞ்சமாப் போட்டால் பூ வருமா?

வராது. இலை வரும்.

தலவாக்கலையிலிருந்து: ஓர்கிட்டுக்கும் இதே அல்பேர்ட் அளவா?

ஓர்கிட்டுக்குத் தனியாக ஒரு நாள் வைப்போம். இன்று அந்தூரியம் மட்டும்.

கம்பளையிலிருந்து: கண்டி ஐயா சொன்னது பாதி சரி அக்கா. நான் விற்பனைக்கு வளர்க்கிறேன், செடிக்கு நாலு இலைக்கு மேல் விடுவதில்லை. பூ குறையவில்லை.

உங்கள் பாத்தியில் செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி?

கம்பளையிலிருந்து: ஓர் அடி.

அப்படியானால் ஒத்துக்கொள்கிறேன். ஓரடி இடைவெளியில் எட்டு இலை நின்றால் கீழே இருட்டுத்தான், நாலு போதும். முற்றத்தில் தனியாக நிற்கும் ஒற்றைச் சாடிக்கு அந்தக் கணக்கு பொருந்துமா என்பதுதான் என் கேள்வி.

கண்டி ஐயா: பொருந்தும். என்னுடையதும் சாடிதான், தனித்தனியாக. மூன்று இலை, வருடத்துக்கு ஐந்து பூ.

வருடத்துக்கு ஐந்து பூ என்றால் ஐந்து இலை புதிதாக வந்திருக்கிறது, ஐயா. நீங்கள் வெட்டியவை பூ முடிந்த பழைய இலைகளா, மொட்டு வராத இலைகளா? என்னிடம் ஒரே தாயிலிருந்து பிரித்த இரண்டு சாடிகள் ஒரே திண்ணையில் இருக்கின்றன. ஒன்றில் நீங்கள் சொன்னபடி மூன்று இலை விடுகிறேன், மற்றதைத் தொடப்போவதில்லை. இன்று முதல் இரண்டின் பூவையும் எண்ணி எழுதிவைக்கிறேன். நீங்களும் ஒரு சாடியை வெட்டாமல் விட்டுப் பாருங்கள்.

கண்டி ஐயா: விடுகிறேன். ஆனால் சிவப்பில் அல்ல, வெள்ளையில்.